யன்னல் வெளிச்சத்தை நம்பினால் படம் மினுங்கும்

போன மாதம் இரண்டு பெடியள் வீட்டுக்கு வந்து, லாப்டொப்பில் தாங்கள் எடுத்த ஸ்டொப் மோஷன் படத்தைக் காட்டினார்கள். பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் ஒரு படமாக எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிடுவதுதான் அது. நீல மட்டையில் கடல், கடதாசியில் வெட்டிய வள்ளம், அதில் வலை எறியும் ஒருவர். வெட்டிய விதம் நல்ல வடிவு. ஆனால் ஓடவிட்டால் கடல் ஒருக்கால் வெளிறுகிறது, ஒருக்கால் இருள்கிறது.

"அண்ணா, போன் அசையவே இல்லை. ஏன் இப்பிடி மினுங்குது?"

"எங்க வைச்சு எடுத்தனீங்கள்?"

"யன்னலுக்குப் பக்கத்தில."

நானும் முதற்படத்தை அப்படித்தான் எடுத்துக் கெடுத்தேன். போன் ஆடக்கூடாது, மேசை ஆடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விடுகிறேன்.

யன்னல் வெளிச்சம்

என் படத்தில் களியால் செய்த சேவல் ஒன்று முற்றத்தில் நடக்கும். 20 செக்கன், செக்கனுக்கு 12 பிரேம், ஆக 240 படங்கள். ஒரு படத்துக்கு ஒன்றரை நிமிடம் பிடித்தது. காலை 9 மணிக்குத் தொடங்கி பின்னேரம் 3 மணிக்கு முடித்தேன். கண்ணுக்கு அறை முழுநேரமும் ஒரே மாதிரித்தான் தெரிந்தது.

அந்த 6 மணித்தியாலத்தில் சூரியன் 90 பாகை நகர்ந்துவிட்டது. படத்தை ஓடவிட்டபோது சேவலின் நிழல் 20 செக்கனுக்குள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போனது. அதைவிடக் கொடியது முகில். ஒரு முகில் நாலரை நிமிடம் வெயிலை மறைத்தால் அதற்குள் 3 படங்கள் எடுபட்டிருக்கும். 3 படம் என்பது திரையில் கால் செக்கன். முற்றத்து மாமரத்தின் கொப்பு அசைவதும் இதேபோல் பிரேமுக்குப் பிரேம் பதிந்துவிடும். இவை எல்லாம் சேர்ந்ததுதான் நாம் காணும் மினுக்கம்.

"பிறகு சொஃப்ட்வெயாரில் சரிசெய்யலாம்" என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அது படம் முழுவதன் வெளிச்சத்தையும் கூட்டிக் குறைத்துச் சமப்படுத்தும். நகர்ந்துபோன நிழலைத் திரும்பக் கொண்டுவராது. என் 240 படங்களும் வீணாகின.

ஆகவே யன்னலைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். ஓரத்தில் கீற்று வெளிச்சம் வந்தால் மட்டையை வைத்து டேப் ஒட்டுங்கள். லைட்டை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். படம் முழுக் கறுப்பாக வந்தால்தான் அறை தயார்.

பல்பு

எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்.ஈ.டி பல்புகள் பல செக்கனுக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/125 செக்கன் என்று வைத்தால் ஒரு படம் அந்த அலையின் உச்சத்தில் விழும், அடுத்தது பள்ளத்தில் விழும். 1/50 அல்லது 1/25 என்று வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் முழு அலைகள் கிடைக்கும். அசையாத பொருளைத்தானே எடுக்கிறோம், இன்னும் மெதுவாக 1/5 வைத்தாலும் நல்லது. போனைக் கையால் தொடாமல் 2 செக்கன் டைமரில் எடுங்கள்.

பழைய குண்டு பல்பு வேண்டாம். பொழுதுபடும் நேரம் எல்லா வீட்டிலும் லைட் போடும்போது வோல்ட்டேஜ் விழும். 5 வீதம் விழுந்தால் அந்தப் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 15 வீதம் குறையும். அதன் சூட்டில் களியும் இளகிவிடும்.

ஓட்டோ

எதுவும் ஓட்டோவில் இருக்கக்கூடாது. வெள்ளைக் கடதாசி வள்ளம் பிரேமுக்குள் வந்தவுடன் போன் தானாகவே கடலை இருட்டாக்கும். ஐ.எஸ்.ஓ, ஷட்டர், வைட் பலன்ஸ், ஃபோகஸ் நான்கையும் பூட்டுங்கள்.

பெரிய கமராவில் இவற்றைப் பூட்டிய பிறகும் மினுங்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸின் துவாரம் மூடித் திறக்கும்போது துல்லியமாக அதே அளவில் நிற்பதில்லை. துவாரத்தை முழுதாகத் திறந்துவைத்து எடுங்கள். அல்லது கையால் திருகும் வளையமுள்ள பழைய லென்ஸைப் போடுங்கள்.

உடுப்பு

வெள்ளை சேர்ட் போடாதீர்கள். அது மேசையில் வெளிச்சம் அடிக்கும்.

மின்விசிறி

நிற்பாட்டுங்கள். புழுங்கும்தான். களி இளகினால் சற்று நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

பிரேம் கணக்கு

செக்கனுக்கு 12 படம் போதும், ஆனால் எடிட் செய்யும் டைம்லைன் செக்கனுக்கு 24 பிரேமாக இருக்க வேண்டும். போன் அப்கள் பல 30இல் திறக்கும். 30ஐ 12ஆல் பிரித்தால் இரண்டரை வரும். அப்போது ஒரு படம் 2 பிரேமும் அடுத்தது 3 பிரேமும் நிற்கும், நடை தத்தும். 30ஐ மாற்ற முடியாவிட்டால் செக்கனுக்கு 10 அல்லது 15 என்று எடுங்கள். இதை முதற்படத்துக்கு முன்பே தீர்மானியுங்கள்.

அந்தப் பெடியள் வள்ளத்தை மறுபடி எடுக்கிறார்கள். இந்த முறை பிரேமின் ஓரத்தில், பிறகு வெட்டி எறியக்கூடிய இடத்தில், ஒரு சாம்பல் மட்டைத் துண்டை ஒட்டச் சொன்னேன். 10 படத்துக்கு ஒருமுறை அந்தத் துண்டை முதற்படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். 40ஆவது படத்தில் அது சற்று வெளிறியிருந்தது. தேடிப் பார்த்தால், சாப்பாடு கொண்டுவந்த அம்மா கதவை முழுதாகச் சாத்தாமல் போயிருக்கிறார். 9 படங்கள்தான் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.