ஒரே ஒலிப்பதிவு, இரண்டு கருவிகள்: சொற்பிழை வீதம் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கத்து வேளாண்மைக்காரரிடம் எடுத்த பேட்டிகள் கொஞ்சம், வாவியில் தோணி விடுகிறவர்களிடம் எடுத்தவை கொஞ்சம், அக்கரைப்பற்றில் ஒரு போடியாரோடு, அதாவது பெரிய நிலக்காரரோடு, கதைத்தது என்று கைவசம் சில மணிநேர ஒலிப்பதிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் இரண்டு கிடைக்கின்றன. எது நமக்குச் சரிவரும் என்று பார்க்க ஒரே ஒலிப்பதிவுகளை இரண்டுக்கும் கொடுத்து, சொற்பிழை வீதத்தைக் கணக்கிடுகிறோம்.

கணக்கு எளியது. ஒரு மனிதர் கேட்டு எழுதிய மூலப் பிரதியோடு கருவியின் பிரதியைச் சொல்லுக்குச் சொல் பொருத்த வேண்டும். மாறிப்போன சொற்கள் S, விடுபட்ட சொற்கள் D, இல்லாமல் நுழைந்த சொற்கள் I, இந்த மூன்றையும் கூட்டி, மூலப் பிரதியில் உள்ள மொத்தச் சொற்களான N ஆல் வகுக்க வேண்டும்.

```
WER = (S + D + I) / N
```

பைதான் தெரிந்தவர்கள் பெரும்பாலும் `jiwer` என்ற தொகுதியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு வரியில் விடை வந்துவிடும். ஆனால் வருகிற இரண்டு எண்களுக்கு இடையில் உள்ள வித்தியாசம் கருவிகளின் வித்தியாசம்தானா, அல்லது நாம் எழுதிய விதமும் துடைத்த விதமும் கொண்டுவந்த வித்தியாசமா என்பதை அந்த வரி சொல்லாது. தமிழில் இரண்டாவது நிலைமைதான் அடிக்கடி நடக்கிறது.

ஒரு கருவியின் பிரதியைத் திருத்தி மூலப் பிரதி செய்வது

முழுப் பேட்டியையும் வெறுமையிலிருந்து எழுதுவது சலிப்பான வேலை. அதனால் முதல் கருவி தந்ததைத் திறந்து வைத்துக்கொண்டு, கேட்டுக் கேட்டுத் திருத்தி அதையே மூலப் பிரதியாக வைத்துக்கொள்கிறார்கள். நேரம் மிச்சம்தான், ஆனால் ஒப்பீடு அந்த இடத்திலேயே சாய்ந்துவிடும். பேட்டியில் ஒருவர் ‘போயிட்டம்’ என்கிறார், கருவி ‘போய்விட்டோம்’ என்று எழுதியிருக்கிறது. திரையில் இருப்பது பொருளோடு ஒத்துப்போவதால் திருத்துபவரின் கண் அதைத் தாண்டிப் போய்விடும். இரண்டாவது கருவி ‘போயிட்டம்’ என்று உள்ளபடி எழுதினால் அதற்குப் பிழை விழும். இப்படி வரிக்கு ஒன்று நடந்தாலே போதும், முதல் கருவி சும்மா ஜெயித்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஐந்து நிமிடப் பகுதி ஒன்றை, எந்தக் கருவியின் பிரதியையும் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு கருவிகளையும் அந்தப் பிரதியோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் கருவியின் முன்னிலை அங்கே மட்டும் சுருங்கினால், பழைய மூலப் பிரதி அதன் பக்கம் சாய்ந்திருக்கிறது. இரண்டு மனிதர்கள் எழுதியதையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. மனிதர்களுக்குள்ளேயே உள்ள வித்தியாசத்தை விடக் கருவிகளுக்கு இடையிலான வித்தியாசம் சிறிதாக இருந்தால், அதை வைத்து ஒரு முடிவுக்கு வருவது கஷ்டம்.

எழுதத் தொடங்குமுன் விதி ஒன்றும் வேண்டும். பேச்சை அப்படியே எழுதுவதா, எழுத்து வழக்குக்கு மாற்றுவதா? ‘மறுகா’ என்று சொன்னதைக் கருவி ‘பிறகு’ என்று எழுதினால் அது பிழையா? மட்டக்களப்புப் பேச்சைப் பாதுகாக்கிற வேலை என்றால் பிழை. பேட்டியில் என்ன சொன்னார் என்று தேடிப் பார்க்க மட்டும் என்றால் அது பிழையே இல்லை. எதை வேண்டுமானாலும் தெரிந்தெடுக்கலாம், ஆனால் எண்களைப் பார்த்த பிறகு தெரிந்தெடுக்கக் கூடாது.

உயிர்க்குறிகளைத் துடைத்துவிடுவது

இது தமிழைப் போல எழுத்தோடு குறி சேர்த்து எழுதுகிற மொழிகளுக்கு இருக்கிற பொறி. ஒப்பிடுமுன் காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் நீக்க வேண்டும். அதற்கு இணையத்தில் கிடைக்கிற வழக்கமான வரியை ஓட்டிப் பாருங்கள்:

```python
import re
re.sub(r"[^\w\s]", "", "மீன் மான்")
# 'மன மன'
```

பைதானின் `\w` எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கும். யூனிகோடு கணக்கில் நமது கொம்பும் காலும் விசிறியும் புள்ளியும் எழுத்துகள் அல்ல, எழுத்தோடு ஒட்டுகிற குறிகள். ஆகவே அவையெல்லாம் போய்விடும். மீனும் மானும் ஒன்றாகிவிடும். கருவி ‘மீன்’ என்பதை ‘மான்’ என்று எழுதியிருந்தாலும் பிழை பூச்சியம்.

பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மாதிரியோடு வருகிற `BasicTextNormalizer` இதையே வேறு விதமாகச் செய்கிறது. குறிகளை நீக்கிவிட்டு அந்த இடத்தில் இடைவெளி வைக்கிறது. ‘மட்டக்களப்பு’ அதில் ‘மட டக களப ப’ என்று நான்கு சொல்லாகிவிடும். மூலப் பிரதியின் சொல் எண்ணிக்கை பல மடங்கு வீங்கும், உயிர்க்குறிப் பிழைகள் காணாமல் போகும், வீதம் காரணமில்லாமல் இறங்கும். எதிர்பார்த்ததை விட மிக நல்ல எண் ஒன்று வந்தால், சந்தோஷப்படுமுன் துடைத்த பிறகு உள்ள பிரதியைத் திரையில் அச்சிட்டு ஒரு வரியாவது வாசித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. ‘போ’ என்பதில் உள்ள ோ ஒரே குறியாகவும் பதிவாகலாம், ே, ா என்று இரண்டு குறிகளாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வேறு. ஒரு கருவி இப்படியும் மற்றது அப்படியும் எழுதினால், ஒன்றுக்கு மட்டும் ஓ வருகிற சொல்லெல்லாம் பிழையாகும். கீழுள்ளது போதுமான அளவுக்கு இரண்டையும் சரிசெய்யும்:

```python
import unicodedata

def clean(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    s = s.replace("\u200c", "").replace("\u200d", "")
    s = "".join(" " if unicodedata.category(c)[0] == "P" else c
                for c in s)
    return " ".join(s.split())
```

மூலப் பிரதிக்கும் இரண்டு கருவிகளுக்கும் இதே ஒன்றைத்தான் ஓட்ட வேண்டும். ‘1,500’ என்று இலக்கத்தில் எழுதுகிற கருவி இருந்தால், அந்தக் காற்புள்ளியையும் இலக்கத்தையும் தனியாகக் கவனியுங்கள்.

சேர்த்து எழுதியதைப் பிழையாக எண்ணுவது

ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். வேளாண்மைக்காரர் சொன்னது, மூலப் பிரதியில் ஆறு சொல்:

மறுகா தண்ணி வந்த உடனே வட்டைக்குப் போயிட்டம்

முதல் கருவி எழுதியது:

மறுகா தண்ணி வந்தவுடனே வட்டைக்குப் போயிட்டம்

இரண்டாவது கருவி எழுதியது:

மறுபடி தண்ணி வந்த உடனே வீட்டுக்குப் போயிட்டம்

முதல் கருவி எல்லாவற்றையும் சரியாகக் கேட்டிருக்கிறது. ‘வந்த உடனே’ என்பதைச் சேர்த்து எழுதியதுதான் வித்தியாசம். ஆனால் கணக்கில் ஒரு சொல் மாறியது, ஒரு சொல் விடுபட்டது, ஆக இரண்டு பிழை. இரண்டாவது கருவியிலும் இரண்டு பிழைதான். இரண்டுக்கும் 6இல் 2, அதாவது 33.3%. வயலுக்குப் போன மனிதரை வீட்டுக்கு அனுப்பிய கருவிக்கும் மற்றதற்கும் ஒரே மதிப்பெண்!

எழுத்துக் குறிகளின் அளவில் பிழையை எண்ணினால் வித்தியாசம் தெரியும். மேலுள்ள மூல வரியில் இடைவெளிகளோடு சேர்த்து 43 குறிகள். முதல் கருவிக்கு 2 மாற்றம், இரண்டாவதற்கு 5. அதாவது 4.7%, 11.6%. `jiwer` இல் `cer` என்று இது தனியாகவே இருக்கிறது. தமிழில் இரண்டு வீதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நான் எதையும் நம்புவதில்லை. சொற்பிழை வீதம் கூடி எழுத்துப்பிழை வீதம் மட்டும் குறைவாக இருந்தால், பெரும்பாலும் சேர்த்தெழுதல், பிரித்தெழுதல், க் ச் த் ப் மிகுதல் போன்றவைதான் காரணம்.

இவற்றைச் சமன்செய்ய ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளலாம்: வந்தவுடனே = வந்த உடனே, என்னவென்றால் = என்ன என்றால் என்று. இங்கே ஒரு கவனம் வேண்டும். முதல் கருவியின் பிழைகளை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டால், அது அந்தக் கருவிக்கு மட்டும் கொடுத்த சலுகை. இரண்டின் பிழைகளையும் கலந்து, எது யாருடையது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு பட்டியல் போட வேண்டும்.

வீதங்களைக் கூட்டிச் சராசரி எடுப்பது

ஒரு பதிவில் 12 சொல், இன்னொன்றில் 600 சொல் என்று வைத்துக்கொள்வோம். குறும் பதிவில் முதல் கருவிக்கு 6 பிழை, இரண்டாவதற்கு 3. நீண்ட பதிவில் முதலாவதற்கு 90, இரண்டாவதற்கு 120. ஒவ்வொரு பதிவின் வீதத்தையும் எடுத்துச் சராசரி போட்டால் முதல் கருவிக்கு 32.5%, இரண்டாவதற்கு 22.5%. இரண்டாவதுதான் நல்லது போலத் தெரியும். பிழைகளை எல்லாம் கூட்டி மொத்தச் சொற்களால் வகுத்தால் 96/612, 123/612, அதாவது 15.7%, 20.1%. முடிவு தலைகீழ். கூட்டி வகுப்பதுதான் வழக்கம். `jiwer.wer` க்கு வரிகளின் பட்டியலைக் கொடுத்தால் அது அப்படித்தான் செய்கிறது.

ஒரு கருவி ஏதோ ஒரு பதிவில் திணறி வெறும் கோப்பைத் தந்தால், அந்தப் பதிவை இரண்டிலிருந்தும் நீக்கிவிடுகிற பழக்கமும் உண்டு. அது தவறு. அந்தச் சொற்கள் அனைத்தும் விடுபட்டவை என்றே கணக்கில் வர வேண்டும். மறுபக்கம், வாவிக் காற்றும் தோணி இயந்திர இரைச்சலும் மட்டும் உள்ள இடத்தில் சில கருவிகள் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதித் தள்ளும். அப்போது நுழைந்த சொற்கள் கூடி வீதம் 100% ஐயும் தாண்டும். இதனால்தான் மாறியவை, விடுபட்டவை, நுழைந்தவை மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். `jiwer.process_words` அவற்றைப் பிரித்துத் தரும்.

சிறு வித்தியாசத்தை நம்பிவிடுவது

18.2%, 17.5% என்று வந்தால் இரண்டாவதுதான் சிறந்தது என்று சொல்லலாமா? பதிவுகள் குறைவாக இருந்தால், ஒரே ஒரு பேச்சாளர் அந்த வித்தியாசம் முழுவதையும் கொண்டுவந்திருக்கலாம். சோதிக்க எளிய வழி: பேச்சாளர்களின் பட்டியலிலிருந்து, ஒருவரே மறுபடியும் வரலாம் என்ற விதியோடு, அதே எண்ணிக்கையில் குலுக்கி எடுங்கள். எடுத்தவர்களின் பதிவுகளில் மட்டும் இரண்டு கருவிகளின் வீதத்தையும் கூட்டிக் கணக்கிட்டு வித்தியாசத்தைக் குறியுங்கள். இதை 1000 தடவை கணினியில் ஓட்டுங்கள். 950க்கு மேற்பட்ட தடவைகளில் ஒரே கருவி முன்னால் வந்தால் அந்த முன்னிலையை ஓரளவு நம்பலாம். 600 தடவைதான் என்றால் இன்னும் பதிவுகள் வேண்டும். சொற்களையோ வரிகளையோ குலுக்காமல் பேச்சாளர்களைக் குலுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவரின் பேச்சு ஒரு கருவிக்குப் புரியவில்லை என்றால் அவருடைய எல்லா வரிகளிலும் அது தடுமாறும். வரிகளைக் குலுக்கினால் அந்த ஒருவரே நூறு தனிச் சாட்சிகளாக எண்ணப்படுவார்.

இத்தனையும் செய்த பிறகும் இந்த வீதத்துக்கு எல்லாச் சொல்லும் ஒன்றுதான். ‘அப்ப’ விடுபட்டாலும் ‘வவுணதீவு’ விடுபட்டாலும் ஒரு பிழை. ஆகவே நமக்குத் தேவையான சொற்களை, ஊர்ப்பெயர், மீன் பெயர், வட்டை, அவணம், முல்லைக்காரன் போன்றவற்றை, மூலப் பிரதியிலிருந்து ஒரு பட்டியலாக எடுத்து, அவற்றில் எத்தனையை எந்தக் கருவி சரியாக எழுதியது என்று தனியாக எண்ணி, வீதத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். இரண்டு கருவிகளும் வீதத்தில் கிட்டத்தட்டச் சமமாக வரும்போது, எதை வைத்துக்கொள்வது என்பதை நான் அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் முடிவுசெய்வேன்.