பல டேக்கிலிருந்து ஒரே குரல்: வோக்கல் கம்பிங்கில் எங்கே வெட்டுவது, எப்படி ஒட்டுவது

ஒரே பாட்டை நாலைந்து முறை பாடிப் பதிவுசெய்து, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த இடங்களை எடுத்து ஒரே பாடலாகக் கோப்பதுதான் கம்பிங். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் ஒன்றை மெல்லத் தாழ்த்தி இன்னொன்றை மெல்ல ஏற்றுவது கிராஸ்ஃபேட். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் "கிராஸ்ஃபேட் எத்தனை மில்லிசெகண்ட் வைக்கணும்?" என்றுதான் கேட்பார்கள். நான் முதலில் பார்ப்பது வெட்டு எந்த எழுத்தில் விழுகிறது என்பதை. இடம் சரியாக இருந்தால் ஃபேடின் நீளம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் காதுக்குத் தெரியாது. இடம் தவறினால் எதை வைத்தாலும் தெரியும்.

முதலில் பதிவு. எல்லா டேக்கையும் ஒரே அமர்வில், மைக்கின் கெயினைத் தொடாமல் எடுங்கள். பாடுபவர் மைக்கிலிருந்து நிற்கும் தூரமும் மாறக்கூடாது. பெரும்பாலான ஸ்டூடியோ மைக்குகளில் கிட்டே போனால் அடிச்சத்தம் கூடும், தள்ளிப்போனால் குரல் மெலியும். அந்த வித்தியாசத்தை எந்தக் கிராஸ்ஃபேடும் மறைக்காது. பாப் ஃபில்டரை ஓர் இடத்தில் நிறுத்தி, அதிலிருந்து நாலு விரல் தள்ளி நிற்கச் சொன்னால் போதும். நாலு முதல் ஆறு டேக் தாராளம். அதற்கு மேல் போனால் குரல் களைத்துவிடும், நமக்கும் எது நன்றாக இருந்தது என்பது மறந்துவிடும்.

அடுத்தது, பாடல் வரிகளை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது. திரையைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு டேக்கையும் முழுசாக ஓடவிட்டு, பிடித்த வரிக்குப் பக்கத்தில் டேக் எண்ணை மட்டும் குறியுங்கள். சொல் சொல்லாகப் பொறுக்காமல் வரி வரியாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. சுருதி கொஞ்சம் பிசகினாலும் உணர்வு பிடித்த வரியைத்தான் நான் எடுப்பேன். சுருதியைப் பிறகு திருத்தலாம், உணர்வைத் திருத்த முடியாது.

இப்போது ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வரி இது: "காற்றே நீ கதவைத் தட்டு, கனவுக்கு வழி விடு." நாலு டேக் இருக்கின்றன. மூன்றாவதில் "காற்றே நீ கதவைத்" வரை அருமை, ஆனால் "தட்டு" சோர்ந்துபோகிறது. முதல் டேக்கில் அந்தத் "தட்டு" நல்ல வேகத்தோடு விழுகிறது. "கனவுக்கு வழி விடு" நாலாவதில் நன்றாக வந்திருக்கிறது, கடைசி நீட்டல் மட்டும் தள்ளாடுகிறது. இரண்டாவதில் எடுக்க ஒன்றுமில்லை. ஆக, மூன்று ஒட்டுகள்.

முதல் ஒட்டு: "கதவைத் | தட்டு"

இந்த இடம் நமக்குக் கிடைத்த வரம். பள்ளியில் ஒற்று மிகும் இடம் என்று படித்தோமே, அந்த இடங்கள்தான் வெட்டுவதற்கும் தோதானவை. "த்த" என்று சொல்லும்போது நாக்கு பல்லின் பின்னால் ஒட்டி, காற்றைக் கொஞ்ச நேரம் முழுசாக அடைத்து நிற்கிறது. அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் அங்கே கிட்டத்தட்ட நேர்கோடு தெரியும். பிறகு நாக்கு விடுபடும்போது ஒரு கூரான துள்ளல் வரும். அந்த நேர்கோட்டுக்குள், துள்ளலுக்குச் சற்று முன்னால் வெட்டுங்கள். துள்ளல் முதல் டேக்கைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும். கிராஸ்ஃபேட் 5 மில்லிசெகண்ட் போதும்.

"கதவு" என்ற சொல்லின் நடுவிலும் ஒரு த இருக்கிறது. ஆனால் அது ஏமாற்றும். உயிரெழுத்துகளுக்கு நடுவே தனியாக வரும் த மென்மையாக உரசிக்கொண்டு போகும், மௌனம் இருக்காது. க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப இவற்றைத் தேடுங்கள்.

ஒட்டியதும் மௌனத்தின் நீளத்தைக் கவனியுங்கள். முதல் டேக்கின் துள்ளல் கொஞ்சம் தாமதமாக விழுந்தால் பாடுபவர் திக்குவதுபோல் இருக்கும். முந்தி விழுந்தால் "கதவைத் தட்டு" என்பது "கதவை தட்டு" என்று கேட்கும், ஒற்றே காணாமல் போகும். மூன்றாவது டேக்கில் அந்தத் துள்ளல் எங்கே விழுந்ததோ, அதே இடத்துக்குப் புதிய துண்டை நகர்த்துங்கள்.

இரண்டாவது ஒட்டு: மூச்சு

"தட்டு" முடிந்து "கனவுக்கு" தொடங்கும் முன் ஒரு மூச்சு இருக்கிறது. மூச்சு அடுத்து வரும் வரிக்குச் சொந்தம். எவ்வளவு காற்றை இழுத்தாரோ, அதற்கேற்பத்தான் அந்த வரி ஒலிக்கும். எனவே நாலாவது டேக்கின் மூச்சை முழுசாக வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் உள்ள இடைவெளியில் வெட்டுங்கள். முதல் டேக்கில் "தட்டு"வின் உகரம் முழுசாக அடங்கியபின், அதன் சொந்த மூச்சு தொடங்குவதற்குள் வெட்டு விழவேண்டும். இல்லாவிட்டால் பாடுபவர் இரண்டு தரம் மூச்சு வாங்குவார். புதியவர்களின் கம்ப்பில் நான் அதிகம் கேட்கும் பிழை இதுதான்.

இங்கே ஃபேடை 20 முதல் 40 மில்லிசெகண்ட் வரை நீட்டலாம். வளைவில் Equal Power என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பக்கமும் இருப்பது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத அறை இரைச்சல். நேர்கோட்டு வளைவான Equal Gain வைத்தால் நடுவில் இரைச்சல் சுமார் 3 டெசிபெல் குழிந்து, ஹெட்ஃபோனில் ஓர் ஓட்டைபோலத் தெரியும்.

மூன்றாவது ஒட்டு: நீளும் "விடு"

இதுதான் கஷ்டமானது. நாலாவது டேக்கின் கடைசி நீட்டலுக்குப் பதிலாக முதல் டேக்கின் நீட்டல் வேண்டும். நடுவில் மௌனம் கிடையாது. முதலில் "டு"வின் தொடக்கத்தைப் பாருங்கள். நாக்கு மேலே தட்டும் அந்தக் கணத்தில் அலை சற்று ஒடுங்கும். அங்கே 5 முதல் 10 மில்லிசெகண்டில் ஒட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அதுவும் ஒத்துவராமல் உகரத்தின் நடுவிலேயே வெட்டத்தான் வேண்டும் என்றால், நன்றாகப் பெரிதாக்கி இரண்டு டேக்கின் அலை முகடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துங்கள். 220 ஹெர்ட்ஸில் பாடினால் ஒரு முழு அலை 4.5 மில்லிசெகண்ட். நாலு அலை அளவுக்கு, அதாவது 18 மில்லிசெகண்ட் ஃபேட் வையுங்கள். இங்கே வளைவு Equal Gain. பொருந்திய அலைகள் ஒன்றோடொன்று கூடுவதால், Equal Power வைத்தால் நடுவில் சத்தம் 3 டெசிபெல் வரை புடைக்கும். இதைவிட ஃபேடை நீட்டினால் இரண்டு பேர் சேர்ந்து பாடுவதுபோல் கேட்கும். இரண்டு டேக்கிலும் சுருதியோ வாய் திறப்போ ஒத்துப்போகாவிட்டால் போராடாதீர்கள், "வழி விடு" முழுவதையும் முதல் டேக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

சரிபார்ப்பது

துண்டுகளுக்கிடையே சத்தம் ஒன்றிரண்டு டெசிபெல் ஏறி இறங்கினால், அந்தத் துண்டின் கிளிப் கெயினிலேயே சரிசெய்யுங்கள். பிறகு குரல் டிராக்கில் தற்காலிகமாக ஒரு கம்ப்ரஸரைப் போட்டு, நன்றாக அழுத்தவிட்டு, குரலை மட்டும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். கம்ப்ரஸர் மெல்லிய ஒலிகளைத் தூக்கிக் காட்டும். இப்போது மறைந்திருக்கும் ஒட்டு பிறகு மிக்ஸில் தலைகாட்டும், அதை இங்கேயே பிடித்துவிடலாம். "டிக்" என்று கேட்டால் ஃபேட் விடுபட்டிருக்கிறது, அல்லது மிகக் குட்டையாக இருக்கிறது. குரல் ஒரு கணம் இரட்டையாகக் கேட்டால் நீளம் கூடிப்போயிற்று. கடைசியாக இசையோடு சேர்த்து, திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். வெட்டுக்கோடு கண்ணில் பட்டால் காது இல்லாத குறையைத் தேடும்.

சுருதித் திருத்தம் இதற்கெல்லாம் பிறகுதான். ப்ராஜெக்டை வேறு பெயரில் சேமித்து, அந்தப் பிரதியில் மட்டும் துண்டுகளை ஒரே கோப்பாக இணைத்து, அதில் திருத்துங்கள். பழைய ப்ராஜெக்டில் எல்லா டேக்கும் அப்படியே இருக்கட்டும். "தட்டு கொஞ்சம் மெதுவா இருந்தா நல்லா இருக்குமே" என்று இசையமைப்பாளர் ஒரு வாரம் கழித்துச் சொல்லக்கூடும்.