வாடகையா, சொந்த வீடா: கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வாடகை 20,000, தவணை 33,000. வித்தியாசம் 13,000தான், வாங்கிடலாமா?" என்று போன வாரமும் ஒருவர் கேட்டார். முதல் வீட்டை வாங்கியபோது நானும் இதே கணக்கைத்தான் போட்டேன். அதனால்தான் இதைக் கேட்டதும் இன்றும் எரிச்சல் வருகிறது.

தவணையை வாடகையோடு ஒப்பிடுவது

தவணையில் அசலுக்குப் போவது உங்கள் சேமிப்பு. வட்டிதான் செலவு. தவணைக்கு வெளியேயும் செலவுகள் உண்டு, அவை கண்ணில் படுவதில்லை. நான் நாலே வருடத்தில் வேலை மாறி விற்க நேர்ந்தது. வங்கி தந்த கடன் கணக்குத் தாளில் மீதி அசலைப் பார்த்தபோது, கட்டியதில் பாதிக்கும் மேல் வட்டிக்கே போயிருந்தது.

சரியான வழி இதுதான்: கையை விட்டுப் போனதையெல்லாம் கூட்டி, விற்றால் கைக்கு வருவதைக் கழித்து, மாதங்களால் வகுக்க வேண்டும்.

வீட்டு விலை 50 லட்சம், முன்பணம் 10 லட்சம், கடன் 40 லட்சம், வட்டி 8 சதவீதம், 20 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். தவணை சுமார் 33,460. ஐந்து ஆண்டில் தவணையாக 20 லட்சம் கட்டியிருப்பீர்கள், ஆனால் கடன் 40இலிருந்து 35 லட்சத்துக்குத்தான் இறங்கியிருக்கும். முன்பணம், பதிவுச் செலவு 3.5 லட்சம், பராமரிப்பும் வரியும் 3.4 லட்சம் சேர்த்தால், போனது 37 லட்சம். விலை ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறியிருந்து, விற்பனைச் செலவு 2 சதவீதம் போனால், கடனை அடைத்தபின் கைக்கு வருவது 24.6 லட்சம். இழப்பு 12.4 லட்சம்.

இன்னொன்றும் உண்டு. முன்பணமும் பதிவுச் செலவும் வாடகையைவிட மாதாமாதம் கூடுதலாகக் கட்டியதும் வங்கியில் 6 சதவீதத்தில் இருந்திருந்தால், சுமார் 6.3 லட்சம் வட்டி வந்திருக்கும். அதையும் சேர்த்தால் மாதச் செலவு 31,000. வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினாலும் இந்த ஐந்து ஆண்டின் சராசரி 22,000தான்.

எத்தனை வருடம் இருப்போம் என்று கேட்காமலே வாங்குவது

அதே வீட்டில் 15 ஆண்டு இருந்தால் இரண்டும் மாதம் 28,000 அளவில் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன. பதிவுச் செலவு 60 மாதத்துக்குப் பதில் 180 மாதத்தில் பிரிகிறது. வாடகையோ ஏறிக்கொண்டே வருகிறது.

விலையேற்றத்தைத் தாராளமாகப் போடுவது

4க்குப் பதில் 2 போட்டும் ஒருமுறை பாருங்கள்.

பராமரிப்பை விட்டுவிடுவது

ஆண்டுக்கு விலையில் 1 சதவீதம். கூரை ஒழுகும் வருடத்தில் அதற்கும் மேல்.