காய்ச்சலுக்குப் பின் நீர்க் கொப்புளம்: சின்னம்மையில் வீட்டில் நடக்கும் தவறுகள்

புதன்கிழமை மாலை பள்ளி விட்டு வந்த எட்டு வயதுப் பையன் சோர்ந்து படுக்கிறான். காய்ச்சல் 100.6 டிகிரி. வியாழன் காலை சட்டையைக் கழற்றும்போது வயிற்றிலும் முதுகிலும் ஏழெட்டுச் சிவப்புப் புள்ளிகள். பூச்சிக்கடி என்று விட்டுவிடுகிறார்கள். மாலைக்குள் அவற்றில் இரண்டு மூன்றின் மேல் மெல்லிய தோல் உப்பி, உள்ளே தெளிந்த நீர் தெரிகிறது. பையன் சொறிய ஆரம்பித்துவிட்டான்.

சின்னம்மை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு அது தானாகவே சரியாகிவிடும். ஆனால் அது எந்த நாளில் எப்படி இருக்க வேண்டும் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் நடக்கும் தவறுகளில் பல இந்த நாள்கணக்கு தெரியாததால் வருபவை. ஆகவே இந்தப் பையனை வைத்தே அதைப் பார்த்துவிடுவோம்.

முதல் நாளிலேயே களிம்பு தடவுவது

புள்ளிகளைப் பார்த்ததும் ஒவ்வாமை, வேர்க்குரு என்று முடிவு கட்டி, வீட்டில் கிடக்கும் தோல் களிம்பை எடுத்துத் தடவுகிறவர்கள் நிறைய. அரிப்புக்கென்று வாங்கி வைத்த களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அது தோலின் எதிர்ப்பைக் குறைத்துவிடும். ஸ்டீராய்டு மாத்திரையோ சிரப்போ உள்ளுக்குப் போனால் இன்னும் மோசம். சாதாரணமாகக் கடந்துபோக வேண்டிய சின்னம்மை நுரையீரல்வரை தீவிரமாகலாம். ஆஸ்துமாவுக்கோ வேறு நோய்க்கோ பிள்ளை ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுத்துவந்தால், தானாக நிறுத்தாமல், முதல் புள்ளியைக் கண்ட அன்றே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

சின்னம்மைதானா என்று கண்டுகொள்ள ஒரு நல்ல வழி உண்டு. இரண்டாம் நாள், உள்ளங்கை அளவு இடத்தை முதுகில் உற்றுப் பாருங்கள். ஒன்று வெறும் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் ஒன்று தடித்த பரு, அடுத்தது நீர் கோத்த கொப்புளம், இன்னொன்று நடுவில் குழிந்து காய ஆரம்பித்தது என்று எல்லா நிலையும் ஒரே இடத்தில் இருக்கும். புள்ளிகள் ஒரே தடவையில் வராமல் மூன்று நான்கு நாட்களுக்கு அலை அலையாக வருவதுதான் காரணம். மார்பு, வயிறு, முதுகில் நெருக்கமாகவும், கை கால்களில் குறைவாகவும் இருக்கும். தலைமுடியை விலக்கிப் பார்த்தால் உச்சந்தலையிலும் இருக்கும். பூச்சிக்கடி அங்கே அப்படி வராது. உள்ளங்கை, உள்ளங்கால், வாய் ஆகியவற்றில்தான் அதிகம் என்றால் அது கை, கால், வாய் நோயாக இருக்கலாம். கடுங்காய்ச்சல், இருமல், சிவந்த கண் என்று மூன்று நான்கு நாள் கழித்து முகத்திலிருந்து படரும் சிவப்புத் தடிப்பு தட்டம்மை. அதில் நீர்க் கொப்புளம் இருக்காது.

தடுப்பூசி போட்ட பிள்ளைக்கும் சில நேரம் வரும். அப்போது காய்ச்சலே இல்லாமல், ஐம்பதுக்கும் குறைவான புள்ளிகள், அவற்றிலும் நீர் கோத்தவை ஓரிரண்டுதான் என்று லேசாகத் தெரியும். ஏமாறுவது இங்கேதான்.

காய்ச்சலுக்குத் தவறான மருந்து

இந்தக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின் எந்த வடிவிலும் கூடவே கூடாது. சின்னம்மையின்போது ஆஸ்பிரின் சாப்பிட்ட குழந்தைகளுக்கு, அபூர்வமாக, கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரை நோய்க்குறி வந்திருக்கிறது. ஐபுப்ரோஃபெனையும் தவிர்ப்பது நல்லது. சின்னம்மையில் அதைக் கொடுத்த பிள்ளைகளிடம், கொப்புளம் வழியே பாக்டீரியா புகுந்து தோலுக்கு அடியில் பரவும் கடுமையான தொற்று அதிகம் காணப்பட்டிருக்கிறது. மருந்துதான் நேரடிக் காரணமா என்பதில் முழு முடிவு இல்லை. ஆனால் பாராசிட்டமால் கையில் இருக்கும்போது அந்த ஆபத்தை ஏன் ஏற்க வேண்டும்? காய்ச்சல் மருந்துகள் சிலவற்றில் பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் கலந்தே வரும் என்பதால் புட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

அளவில் நடக்கும் தவறும் சாதாரணமல்ல. வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. நம் பையன் 25 கிலோ. ஆக 250 முதல் 375 மில்லிகிராம். ஐந்து மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 5 முதல் 7.5 மில்லி. அதே மருந்து ஐந்து மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள புட்டியிலும் வரும்; அதில் 5 மில்லி கொடுத்துவிட்டு "காய்ச்சல் விடவே இல்லை" என்று தவிக்கிறவர்கள் உண்டு. மாறிக் கொடுத்தால் இரட்டிப்பாகவும் போய்விடும். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். சளி மருந்திலும் பாராசிட்டமால் கலந்திருந்தால் அதையும் சேர்த்தே எண்ண வேண்டும். வெப்பமானியில் எண் இறங்குவதற்காக மட்டும் கொடுக்க வேண்டியதில்லை; பிள்ளை உடம்பு வலியால் முனகினால், தண்ணீர் குடிக்க மறுத்தால் கொடுங்கள்.

வைரஸ் நோய் என்பதால் ஆன்டிபயாட்டிக்குக்கு முதல் நாளில் வேலையில்லை. அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து இருக்கிறது. ஆனால் புள்ளி வந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பயன்தரும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட ஆரோக்கியமான பிள்ளைக்கு அது பொதுவாகத் தேவைப்படாது. பதின்ம வயதினர், நாள்பட்ட நுரையீரல் அல்லது தோல் நோய் உள்ளவர்கள் போன்றோருக்கு மருத்துவர் தருவார்.

குளிக்க விடாமல் வைத்திருப்பது

குளித்தால் கொப்புளம் பரவும் என்ற பயத்தில் ஒரு வாரம் உடம்பில் தண்ணீரே படாமல் வைத்திருக்கிறார்கள். புள்ளிகள் பரவுவது ரத்தத்தில் இருக்கும் வைரஸால். மேலே ஊற்றும் தண்ணீரால் அல்ல. வியர்வையும் அழுக்கும் சேர்ந்த தோலைச் சொறிந்தால்தான் கிருமி உள்ளே போகும். வெதுவெதுப்பான நீரில் தேய்க்காமல் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றி எடுத்தால் அரிப்பும் அடங்கும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், தளர்வான பருத்திச் சட்டை போடுங்கள். கலமைன் லோஷனைக் கண்ணுக்கும் வாய்க்கும் அருகில் விட்டுவிட்டுத் தடவலாம். இரவில் அரிப்பால் தூக்கம் கெட்டால், வாய்வழி அரிப்பு மருந்து ஒன்றை மருத்துவர் எழுதித் தருவார். அதைக் கொடுக்கும்போது அதே வகை மருந்து கலந்த கிரீமையும் உடம்பெல்லாம் பூசக் கூடாது. கொப்புளமான தோல் வழியே அளவுக்கு மீறி உள்ளே போய்விடும்.

மறுபடி வரும் காய்ச்சலைச் சின்னம்மைக் கணக்கில் எழுதுவது

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு இதுதான். மீண்டும் பையனிடம் வருவோம். வியாழன் முதல் நாள். வெள்ளி, சனியில் காய்ச்சல் 102வரை போகிறது, உடம்பெல்லாம் புதுப் புள்ளிகள், வாய்க்குள் இரண்டு மூன்று புண், சாப்பிட மறுக்கிறான். ஞாயிறன்று புதிதாக வருவது நின்றுபோகிறது; காய்ச்சலும் இறங்குகிறது. திங்கள் முழுக்கக் காய்ச்சல் இல்லை, விளையாடக் கேட்கிறான். இதுவரை எல்லாம் முறையாகவே போகிறது. செவ்வாய் இரவு மறுபடி 102.

இது சின்னம்மையின் போக்கில் இல்லாத காய்ச்சல். புதுப் புள்ளி நின்றபின் காய்ச்சல் திரும்பினாலும், நான்கு நாளுக்கு மேல் கடுங்காய்ச்சல் விடாமல் நீடித்தாலும், வேறு ஏதோ நடக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அது கொப்புளத்தில் புகுந்த பாக்டீரியாதான். நல்ல வெளிச்சத்தில் உடம்பு முழுவதையும் பாருங்கள். சாதாரணக் கொப்புளத்தைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம் இருக்கும், அரிக்கும். தொற்று ஏறியதைச் சுற்றி அகலமாகச் சிவந்து, வீங்கி, தொட்டால் சுடும். அரிப்பு போய் வலி வந்திருக்கும். அந்தச் சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டுவிட்டு உடனே கிளம்புங்கள். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்பது மருத்துவருக்குப் பெரிய தகவல். தோலில் பெரிதாக எதுவும் தெரியாமலேயே பிள்ளை ஒரு காலைத் தொடவிடாமல் அலறினாலும், ஊன்ற மறுத்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மூச்சு வேகமாக வாங்குவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், கழுத்து விறைப்பு, பல மணி நேரம் சிறுநீர் போகாமல் இருப்பது ஆகியவையும் அவசரம்தான். புள்ளிகள் காய்ந்துவரும் நாட்களில் பிள்ளை தள்ளாடி நடந்தால் அதைப் பலவீனம் என்று எண்ணிவிடாதீர்கள். சிறுமூளை பாதிக்கப்பட்டால் அப்படி நடக்கும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும் என்றாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

காய்ச்சல் விட்டதும் பள்ளிக்கு அனுப்புவது

தொற்று, புள்ளி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. அதாவது புதன்கிழமை வகுப்பில் இருந்தபோதே பையன் பரப்பியிருக்கக்கூடும். கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு தட்டும்வரை அது தொடரும். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள். காய்ச்சலை வைத்துக் கணக்கிடாமல், தலை முதல் கால்வரை பார்த்து, நீருள்ள கொப்புளம் ஒன்றுகூட இல்லை என்று உறுதி செய்த பிறகே அனுப்ப வேண்டும். பொருக்கு உதிரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதற்கு இன்னும் ஓரிரு வாரம் ஆகும். பிய்த்து எடுத்தால்தான் குழி விழும்.

வகுப்பைவிட வீட்டில் இருப்பவர்களைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். சின்னம்மை வந்திராத, தடுப்பூசியும் போடாத கர்ப்பிணி, பிறந்த குழந்தை, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் என யாராவது இருந்தால், அவர்களுக்குப் புள்ளி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். எதிர்ப்புப் புரத ஊசியைத் தொற்றுக்கு ஆளான பத்து நாளுக்குள், முடிந்தவரை சீக்கிரம் போட வேண்டும். மருத்துவமனைக்குப் போகும் முன் சின்னம்மை என்று தொலைபேசியில் சொல்லிவிட்டால், காத்திருக்கும் கூட்டத்தில் பிள்ளையை உட்கார வைக்காமல் தனியாகப் பார்ப்பார்கள்.

இந்தப் பையனுக்கு நான்கு வயதில் ஒரு தங்கை இருக்கிறாள், தடுப்பூசி போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரே வீட்டில் அவள் தப்புவது அரிது. தொற்றுக்கு ஆளான மூன்று நாளுக்குள், அதிகம் போனால் ஐந்து நாளுக்குள் தடுப்பூசி போட்டால் நோய் வராமலோ லேசாகவோ போக வாய்ப்புண்டு. தவறவிட்டால், தொற்றியதிலிருந்து நோய் வெளிப்பட 10 முதல் 21 நாள் ஆகும் என்பதால், அண்ணன் பள்ளிக்குத் திரும்பிய பிறகே அவளுக்குத் தொடங்கும். வீட்டில் இரண்டாவதாக வரும் பிள்ளைக்குப் புள்ளிகள் கூடுதலாகவே வரும். அந்த நாட்களில் தினமும் அவள் வயிற்றையும் முதுகையும் பாருங்கள். முதல் புள்ளி தெரிந்த அன்றே கேட்டால், அசைக்ளோவிர் தேவையா என்று மருத்துவர் முடிவெடுக்க அந்த 24 மணி நேரம் மீதமிருக்கும்.