‘சைக்கிள் செயின்’ ஏழு முறை: தேடல் சொல்லை இழக்காமல் பத்தியைத் திருத்துவது எப்படி?

கூகுளில் ‘சைக்கிள் செயின்’ என்று தேடுகிறவர்களுக்குப் பக்கம் கிடைக்க வேண்டும் என்று, நான் முன்பு எழுதிய மாதிரியான ஒரு பத்தி கீழே உள்ளது. ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

> சைக்கிள் செயின் சுத்தம் செய்வது எப்படி என்று தெரியாமல் சைக்கிள் செயின் துருப்பிடிக்க விடுகிறோம். சைக்கிள் செயின் சுத்தம் செய்யும் முன் சைக்கிள் செயினில் உள்ள பழைய எண்ணெயைத் துடைக்க வேண்டும். சைக்கிள் செயின் சுத்தம் செய்யப் பழைய டூத் பிரஷ் போதும். சைக்கிள் செயின் சுத்தம் செய்த பின் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட வேண்டும்.

மூச்சு வாங்குகிறதா? சரி, திருத்துவோம்.

படி 1: எண்ணுங்கள். Ctrl+F அழுத்தி ‘சைக்கிள் செயின்’ என்று தேடினால் ஐந்துதான் வரும். ‘செயினில்’, ‘செயினுக்கு’ இரண்டும் தப்பிவிடும், ஏனென்றால் வேற்றுமை உருபு சேர்ந்ததும் கடைசி எழுத்தின் புள்ளி போய்விடுகிறது. ‘சைக்கிள் செயி’ என்று பாதியில் நிறுத்தித் தேடுங்கள், ஏழும் சிக்கும்.

படி 2: எது இருக்க வேண்டும்? தேடல் சொல் இத்தனை சதவீதம் வர வேண்டும் என்று கூகுள் எந்தக் கணக்கும் வைத்ததில்லை. அளவுக்கு மீறித் திணிப்பதைத்தான் தன் ஸ்பேம் விதிகளில் சேர்த்திருக்கிறது. பக்கத் தலைப்பில் முழுத் தொடர் இருந்தால், பத்தியின் முதல் வாக்கியத்தில் இன்னொரு முறை போதும். கடைசி வாக்கியத்தில் வருவதையும் வைத்துக்கொள்வேன். அது சுத்தம் செய்வதைப் பற்றியதல்ல, எண்ணெய் விடுவதைப் பற்றியது. அதைத் தனியாகத் தேடி வருகிறவர்களும் உண்டு.

படி 3: மற்றதை எடுத்துவிடுங்கள். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். எடுத்த இடத்திலெல்லாம் ‘அதை’, ‘அதில்’, ‘அதற்கு’ என்று நிரப்பினால் இன்னொரு அலுப்பு தொடங்கும். தமிழில் எழுவாயும் செயப்படுபொருளும் பெரும்பாலும் சொல்லாமலே புரியும். வெறுமனே விட்டுவிடலாம். காலியான இடத்தில் வாசகருக்குப் பயன்படும் ஒரு விவரத்தைச் சேருங்கள்.

> சைக்கிள் செயின் சுத்தம் செய்வது எப்படி என்று தெரியாமல் துருப்பிடிக்க விடுகிறோம். முதலில், படிந்திருக்கும் பழைய எண்ணெயைத் துணியால் துடைத்தெடுங்கள். கண்ணிகளுக்கு இடையில் சேர்ந்த அழுக்கை எடுக்கப் பழைய டூத் பிரஷ் போதும். ஈரம் நன்றாகக் காய்ந்ததும் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.

ஏழு இரண்டாகிவிட்டது. ‘கண்ணி’, ‘துரு’, ‘அழுக்கு’ எல்லாம் இந்தப் பொருளுக்கே உரிய சொற்கள் என்பதால், பத்தி எதைப் பற்றியது என்பதில் குழப்பமும் இல்லை.

படி 4: அதிகமாக வெட்டிவிட்டோமா? நடுவில் பிரேக்கைப் பற்றி ஒரு வாக்கியம் வந்திருந்தால், அடுத்து வரும் ‘எண்ணெய் விடுங்கள்’ எதற்கு? பிரேக்குக்கு விட்டால் ஆபத்து. இப்படி இரண்டு பொருள் அருகருகே வரும் இடத்தில், திரும்ப வந்தாலும் பரவாயில்லை, பெயரைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், அலுப்பைத் தவிர்க்க ‘மிதிவண்டிச் சங்கிலி’ என்று மாற்றிப்போடும் ஆசை வரும். கூகுளின் சர்ச் கன்சோலில் உங்கள் பக்கத்துக்கு வந்த தேடல்களைப் பாருங்கள். அந்தச் சொல் அங்கே இருந்தால் ஒருமுறை வைக்கலாம். இல்லையென்றால், ஒரே பத்தியில் பொருளின் பெயர் மாறுவது வாசகரைத்தான் குழப்பும்.