கரண்ட் போய் வந்ததும் பிரிண்டர் எங்கே போகிறது? டிஎச்சிபி ரிசர்வேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடபழனியில் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸை எடுத்துக்கொள்வோம். மூன்று கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், வாசலிலும் மாடிப்படியிலும் கேமரா, மூலையில் கேமராப் படங்களைப் பதிவுசெய்யும் ஒரு என்விஆர். மே மாதப் பிற்பகலில் கரண்ட் போய் அரை மணி நேரம் கழித்து வருகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்துகொள்கின்றன. இணையம் வந்துவிட்டது, ஆனால் பிரிண்ட் கொடுத்தால் Offline என்கிறது. என்விஆர் திரையில் மாடிப்படிக் கேமராவின் கட்டம் மட்டும் கறுப்பு. பிரிண்டரும் கேமராவும் நன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றின் ஐபி முகவரிதான் மாறிவிட்டது.

நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ரவுட்டர் ஒரு முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கடனாகத் தருகிறது. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் டிஎச்சிபி, அந்தக் கடனுக்குப் பெயர் லீஸ். யாருக்கு எந்த முகவரி தந்தோம் என்ற பட்டியலைப் பல ரவுட்டர்கள் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கும். கரண்ட் போனால் அந்தப் பட்டியலும் போய்விடும். திரும்ப வரும்போது யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்கு முதலில் கிடைக்கும். நம் ஆபீஸில் பிரிண்டர் வைத்திருந்த 192.168.1.102 இப்போது ஒருவரின் செல்போனிடம் இருக்கிறது. கம்ப்யூட்டர்களோ இன்னும் 102-க்குத்தான் பிரிண்ட் அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

இதற்குச் சரியான தீர்வு ரிசர்வேஷன். சாதனத்தின் ஒவ்வொரு நெட்வொர்க் இணைப்புக்கும் தயாரிக்கும்போதே தரப்பட்ட ஓர் அடையாள எண் உண்டு, அதற்குப் பெயர் மேக் முகவரி. 'இந்த மேக் முகவரி கொண்ட சாதனம் கேட்டால் எப்போதும் இந்த ஐபியைத்தான் தர வேண்டும்' என்று ரவுட்டரிலேயே எழுதி வைப்பது. ரவுட்டரின் பக்கத்தில் இது Address Reservation என்றோ Static Lease என்றோ இருக்கும். வேலை சில நிமிடங்கள்தான். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் நடக்கும் தவறுகள் மறுநாளே தெரிவதில்லை, அடுத்த கரண்ட் கட்டில்தான் தெரியும்.

அதிகம் பார்க்கும் தவறு, ரவுட்டரை விட்டுவிட்டு பிரிண்டரின் பேனலில் போய் 192.168.1.102 என்று கையால் போட்டுவிடுவது. அப்போதைக்கு வேலை செய்யும். ஆனால் ரவுட்டருக்கு இந்த விஷயம் தெரியாது. அது 100 முதல் 199 வரை எல்லாருக்கும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறது என்றால், 102-ம் அந்தப் பங்கில் இருக்கிறது. சில ரவுட்டர்கள் ஒரு முகவரியைத் தருவதற்கு முன் 'அங்கே யாராவது இருக்கிறார்களா' என்று ஒரு பிங் அனுப்பிப் பார்க்கும். ஆனால் இரவு பிரிண்டரை அணைத்துவிட்டுப் போயிருந்தால் பதில் வராது. காலையில் முதலில் வருபவரின் லேப்டாப்புக்கு 102 கிடைக்கும், பத்து மணிக்குப் பிரிண்டரும் அதே எண்ணோடு எழும். அதற்கப்புறம் ஒரு கம்ப்யூட்டரில் பிரிண்ட் வரும், பக்கத்துக் கம்ப்யூட்டரில் வராது. ஐந்து நிமிடம் கழித்து அது தலைகீழாகும்.

'சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை' என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். உறுதிசெய்வதும் எளிது. பிரிண்டரின் பவர் கேபிளையே பிடுங்கிவிட்டு, ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதைக் கொடுங்கள்:

```
arp -d 192.168.1.102
ping 192.168.1.102
arp -a
```

முதல் வரி பழைய நினைவை அழிக்கிறது. அதை விட்டுவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும் பிரிண்டரையே தேடி, 'யாரும் இல்லை' என்று தவறான நிம்மதியைத் தரும். பிங்குக்குப் பதில் வராவிட்டாலும் அதோடு நிறுத்த வேண்டாம். விண்டோஸ் லேப்டாப்புகளின் ஃபயர்வால் பிங்கைப் பல நேரம் தடுத்துவிடும். ஆனால் கடைசி வரியின் பட்டியலில் 102-க்கு நேரே ஒரு மேக் முகவரி தெரிந்தால், பிரிண்டர் அணைந்திருக்கும்போதும் அந்த எண்ணில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கண்டுபிடித்த பின் பிரிண்டரைப் பழையபடி டிஎச்சிபிக்கு மாற்றுங்கள், எண்ணை ரவுட்டரில் ஒதுக்குங்கள். ரெண்டு இடத்திலும் போட்டால் இன்னும் பலம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளைக்கு ஒரு இடத்தில் மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறந்தால் தேடுவது கஷ்டம். எண்களின் பொறுப்பு ஒரே இடத்தில் இருக்கட்டும்.

அடுத்தது மேக் முகவரியைத் தவறாக எடுப்பது. பிரிண்டருக்கு ஒரே மேக் முகவரி இருக்கும் என்று நினைக்கிறோம். கேபிள் போர்ட், வைஃபை இரண்டும் உள்ள பிரிண்டரில் இரண்டு இருக்கும். பல நேரம் கடைசி எழுத்தில் மட்டும்தான் வித்தியாசம், அதனால் கண்ணில் படாது. வைஃபையில் ஓடும் பிரிண்டருக்கு ஸ்டிக்கரைப் பார்த்து கேபிள் போர்ட்டின் முகவரியை எழுதினால், ரவுட்டர் அந்த ரிசர்வேஷனைக் கடைசிவரை பயன்படுத்தவே பயன்படுத்தாது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. முதலில் சரியாக எழுதி வேலை செய்துகொண்டிருந்த இடத்திலும், வைஃபை மெதுவாக இருக்கிறதென்று யாராவது கேபிள் செருகிய அன்றைக்கு எண் மாறிவிடும். அதனால் கேபிளா வைஃபையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நகராத பிரிண்டருக்குக் கேபிள்தான் நல்லது.

ஸ்டிக்கரிலிருந்து எழுதுவதைவிட, சாதனம் எப்படி இணையப்போகிறதோ அப்படியே இணைத்துவிட்டு, ரவுட்டரின் இணைப்புப் பட்டியலிலிருந்து முகவரியை எடுப்பது பாதுகாப்பானது. ஸ்டிக்கரில் B-யும் 8-ம் ஒன்றுபோலத் தெரியும். மேக் முகவரியில் 0 முதல் 9 வரை எண்களும் A முதல் F வரை எழுத்துகளும் மட்டுமே வரும், O என்ற எழுத்துக்கு அதில் இடமே இல்லை.

பட்டியலும் ஸ்டிக்கரும் பொருந்தாத ஒரு சூழ்நிலை உண்டு. மாடிப்படிக் கேமராவுக்கு சிக்னல் போதவில்லை என்று நடுவில் ஒரு வைஃபை ரிப்பீட்டர் வைத்திருப்போம். சில ரிப்பீட்டர்கள் தம் வழியாக வரும் சாதனத்தின் மேக் முகவரியை மாற்றித்தான் ரவுட்டருக்குக் காட்டும். முதல் சில இலக்கங்கள் வேறாக இருக்கும், மீதி ஸ்டிக்கரில் உள்ளபடியே இருக்கும். இங்கே ரவுட்டர் பார்க்கும் முகவரியைத்தான் ஒதுக்க வேண்டும். ஆனால் அதே கேமரா ஒரு நாள் நேராக ரவுட்டரிலேயே ஒட்டிக்கொண்டால் மேக் முகவரியும் மாறும், ஒதுக்கீடும் செல்லாது. முடிந்தால் அந்தக் கேமராவுக்குக் கேபிள் இழுத்துவிடுங்கள்.

கேமராக்களில் இன்னொரு சிக்கல்: சில கேமராக்கள் ரவுட்டரிடம் முகவரி கேட்பதே இல்லை. ஹிக்விஷன் கேமராக்கள் பொதுவாக 192.168.1.64 என்ற நிலையான எண்ணோடும், தாஹுவா கேமராக்கள் 192.168.1.108 என்ற எண்ணோடும் பெட்டியிலிருந்து வெளிவரும். கேட்காத சாதனத்துக்கு ரிசர்வேஷன் எழுதிப் பயனில்லை. 108 என்பது நம் ரவுட்டர் எல்லாருக்கும் தரும் 100–199-க்குள்ளேயே விழுகிறது, ஆகவே பிரிண்டரில் பார்த்த மோதல் இங்கேயும் வரும். ஒரே மாதிரி இரண்டு கேமராக்களை ஒன்றாகச் செருகினால் இரண்டும் ஒரே எண்ணோடு எழுந்து ஒன்றையொன்று மறைக்கும். ஒவ்வொன்றாகச் செருகி, கேமராவின் நெட்வொர்க் அமைப்பில் DHCP-ஐ இயக்கி, அப்புறம் ரவுட்டரில் ஒதுக்குங்கள்.

என்விஆரின் முதுகில், ஒரே கேபிளில் மின்சாரத்தையும் சேர்த்துத் தரும் பிஓஇ போர்ட்டுகளில் நேராகச் செருகிய கேமராக்களுக்கு இந்த வேலையே தேவையில்லை. பெரும்பாலான என்விஆர்களில் அவை என்விஆருக்குள்ளேயே தனி நெட்வொர்க்கில் இருக்கும், ரவுட்டரின் பட்டியலில் தெரியாது. அங்கே என்விஆருக்கு மட்டும் ஒரு எண் ஒதுக்கினால் போதும்.

எந்த எண்ணை ஒதுக்குவது என்பதிலும் ரவுட்டருக்கு ரவுட்டர் வித்தியாசம் உண்டு. சிலவற்றில் ஒதுக்கும் எண் 100–199-க்குள் இருக்க வேண்டும், சிலவற்றில் அதற்கு வெளியே இருக்க வேண்டும். ரவுட்டர் ஏற்கவில்லை என்றால் அது இதைத்தான் சொல்கிறது. வெளியே தரலாம் என்றால் பிரிண்டருக்கு 192.168.1.20, என்விஆருக்கு 30, கேமராக்களுக்கு 31, 32 என்று வைக்கலாம். உள்ளேதான் என்றால் 190-க்கு மேல் வையுங்கள். எதுவானாலும் அந்த நேரத்தில் இன்னொருவர் கையில் இருக்கும் எண்ணை எடுக்காதீர்கள். அவரின் லீஸ் முடியும்வரை பிரிண்டருக்கு அது கிடைக்காமல் போகலாம்.

எழுதி Save கொடுத்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பது சகஜம். பிரிண்டர் கையில் பழைய லீஸ் இருக்கிறது, அதன் காலம் பாதி கடந்த பின்தான் அது ரவுட்டரிடம் திரும்பப் பேசும். லீஸ் 24 மணி நேரம் என்றால் 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குப் பதில் பிரிண்டரை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். புது எண் வந்ததும் கம்ப்யூட்டர்களையும் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றிலும் Printer properties, அதில் Ports, அங்கே Add Port கொடுத்து Standard TCP/IP Port என்பதில் 192.168.1.20-ஐச் சேர்க்க வேண்டும். என்விஆரில் அந்தந்தக் கேமராவின் சேனலைத் திறந்து அதன் ஐபியைத் திருத்த வேண்டும். மூன்று கம்ப்யூட்டரில் இரண்டை மாற்றிவிட்டு மூன்றாவதை மறந்தால், அந்த ஒருவருக்கு மட்டும் பிரிண்டர் Offline ஆகவே இருக்கும்.

எல்லாம் சரியாக எழுதியும் எண் மாறுகிறதா? நெட்வொர்க்கில் இரண்டாவது டிஎச்சிபி இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை எட்டவில்லை என்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்னொரு ரவுட்டர் வாங்கி, அதன் லேன் போர்ட்டில் கேபிளைச் செருகி, அதன் டிஎச்சிபியை அணைக்காமல் விட்டிருப்பார்கள். இரண்டில் எது முதலில் பதில் சொல்கிறதோ அதன் எண் கிடைக்கும். நம் ஒதுக்கீடு இருப்பது ஒன்றில் மட்டும்தான். எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் `ipconfig /all` கொடுத்து DHCP Server வரியை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே இரண்டு வேறு எண்கள் வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. புது ரவுட்டரில் டிஎச்சிபியை நிறுத்திவிடுங்கள்.

இணையச் சேவைக்காரர் பெட்டியை மாற்றிக் கொடுத்தால் ஒதுக்கீடுகள் பழைய பெட்டியோடு போய்விடும். முகவரி வரிசையே மாறலாம். 192.168.1 என்று இருந்தது, ஜியோ பெட்டி வந்தால் 192.168.29 ஆகும். சாதனம், மேக் முகவரி, ஒதுக்கிய எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

கடைசியாக, ஆபீஸ் முடிந்த நேரத்தில் மெயின் சுவிட்சை அணைத்து ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். மூன்று கம்ப்யூட்டரிலிருந்தும் ஒரு பக்கம் பிரிண்ட் எடுங்கள், என்விஆரில் எல்லாக் கட்டங்களையும் பாருங்கள். ஏதாவது கேமரா வரவில்லை என்றால், அது ரவுட்டரைவிட முன்னதாக எழுந்து, பதில் கிடைக்காமல் 169.254 என்று தொடங்கும் எண்ணையோ தன் பழைய நிலையான எண்ணையோ எடுத்திருக்கலாம். அந்தக் கேமராவை மட்டும் மறுபடி அணைத்துப் போட்டால் வந்துவிடுகிறதா? அப்படியானால் குறை ஒதுக்கீட்டில் இல்லை. ரவுட்டரை ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் வையுங்கள்.