ஒயிட்போர்டு போட்டோவை எழுத்தாக்குவது எப்படி: அம்பும் அடித்த வரியும் தொலையாமல்

மீட்டிங் முடிந்ததும் போர்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். அதைத் தட்டச்சு செய்ய உட்காரும்போதுதான் எந்த வரி அடித்தது, எந்த அம்பு எங்கே போகிறது என்று குழப்பம் ஆரம்பிக்கும். ஒருமுறை அடித்துவிட்ட வரி ஒன்றை, அடிக்காத வரி என்று நினைத்துக் குறிப்பில் சேர்த்துவிட்டேன். அதை நம்பி ஒருவர் இரண்டு நாள் வேலை செய்துவிட்டார். அதற்கு அப்புறம் நான் பின்பற்றும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன், உதாரணமும் அந்த போர்டேதான்.

படி 1: போட்டோ

ஃபிளாஷ் வேண்டாம், போர்டு பளபளப்பானது, நடுவில் வெள்ளைத் திட்டு விழுந்து அந்த இடத்து எழுத்து மொத்தமாகப் போய்விடும். விளக்கு வெளிச்சம் பட்டு ஒரு மூலை மினுங்கினால் இரண்டடி தள்ளி நின்று இன்னொன்று எடுங்கள், மினுக்கம் வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும். முழு போர்டுக்கு ஒன்று, இடது பாதி, வலது பாதி என நெருக்கமாக இரண்டு. மொத்தம் மூன்று போதும்.

ஸ்கேன் செய்யும் ஆப்களில் பின்னணியைத் தூய வெள்ளையாக்கும் வசதி இருக்கும். வாசிக்க வசதிதான், ஆனால் மை தீரப்போகும் மார்க்கரால் போட்ட மெல்லிய கோட்டையும் அழுக்கு என்று நினைத்து அது துடைத்துவிடும். என் தவறு இங்கேதான் நடந்தது. 'எஸ்எம்எஸ் ஓடிபி' என்ற வரியின் மேல் வெளிர் சிவப்பில் ஒரு கோடு இருந்தது, வெளுத்த பிரதியில் அந்தக் கோடே இல்லை. ஆகவே வெளுத்த பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அசல் வண்ணப் படத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். கறுப்பு வெள்ளையாகவும் மாற்றாதீர்கள், சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும்.

படி 2: உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்

முதல் பிரதியில் எதையும் சரிசெய்யக் கூடாது. எழுத்துப் பிழை, அரை வாக்கியம், அடித்த வரி எல்லாம் அப்படியே வர வேண்டும். அழகான மீட்டிங் குறிப்பு அதற்கு அப்புறம், தனியாக. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் செய்தால் கண் படித்ததையும் மூளை ஊகித்ததையும் பிரிக்கவே முடியாது.

அடித்த வரிக்கு இருபுறமும் `~~` போடுங்கள். வாசிக்கவே முடியாததற்கு [தெளிவில்லை]. பாதி நம்பிக்கை இருந்தால் நீங்கள் படித்ததை எழுதி கேள்விக்குறி போடுங்கள். நிறம் மாறினால் அதையும் குறியுங்கள், ஏனென்றால் நடுவில் வேறு மார்க்கர் எடுத்தார்கள் என்றால் பெரும்பாலும் பிற்பாடு வந்த திருத்தம் அது. அசல் படத்தைப் பார்த்து மறுபடி எழுதியபோது அந்த போர்டின் இடது பக்கம் எனக்கு இப்படி வந்தது, க, ம இரண்டும் பெயர்களின் முதலெழுத்து:

```
1. பதிவுப் படிவம் - க
2. ~~எஸ்எம்எஸ் ஓடிபி~~ மின்னஞ்சல் ஓடிபி [சிவப்பு]
3. சோதனை - ம - வெள்ளி 1[2?]
4. பழைய தரவு மாற்றம் - [தெளிவில்லை]
அம்பு: 4 -> 2, 3 நடுவே [சிவப்பு]
கோடு, முனை இல்லை: சோதனை -- வெளியீடு
```

படி 3: கோடா, அடித்தலா, அம்பா?

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். மேலே நான்காவது வரியிலிருந்து கிளம்பிய சிவப்பு அம்பு, மூன்றாவது வரியில் 'சோதனை' என்ற சொல்லைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகிறது. சட்டென்று பார்த்தால் சோதனையே வேண்டாம் என்று அடித்துவிட்ட மாதிரி இருக்கும். கோட்டின் இரண்டு முனைகளையும் விரலால் தொடர்ந்து பாருங்கள். அடித்தல் என்றால் சொல் தொடங்கும் இடத்தை ஒட்டித் தொடங்கி, முடியும் இடத்தை ஒட்டி நின்றுவிடும். அம்பு நிற்காது, சொல்லைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். மேல் வரிக்குப் போட்ட அடிக்கோடு தொங்கிப்போய்க் கீழ் வரியின் தலையில் விழுவதும் உண்டு, அதையும் இப்படியே பிரித்துவிடலாம்.

எது முதலில் எழுதியது, எது பிறகு என்று தெரிய வேண்டுமா? இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளியைப் பெரிதாக்குங்கள். ஒயிட்போர்டு மார்க்கரின் ஈர மை, காய்ந்த பழைய மையைக் கரைக்கும். அதனால் பழைய கோடு அந்த இடத்தில் வெளிறியோ அறுந்தோ இருக்கும், சில நேரம் அதன் நிறம் புதுக் கோட்டின் திசையில் இழுபட்டிருக்கும். 'சோதனை'யின் நீல எழுத்து சிவப்பு அம்பு போன வழியில் அறுந்திருந்தது, ஆக அம்புதான் பின்னால் வந்தது.

அடுத்து, அம்புக்கு என்ன அர்த்தம்? ஒரே போர்டில் அது 'இதற்கு அப்புறம் இது' என்றும் இருக்கும், 'இதை இங்கே நகர்த்து' என்றும் இருக்கும், வெறுமனே ஒரு பெயரைச் சுட்டிக்காட்டுவதாகவும் இருக்கும். முதல் பிரதியில் அர்த்தம் எழுதாமல் எங்கிருந்து எங்கே என்று மட்டும் எழுதுங்கள். நம் சிவப்பு அம்பின் முனை எந்த வரியையும் தொடாமல் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருந்த வெற்று இடத்தில் முடிந்தது. வரியைத் தொடாமல் இடைவெளியில் முடியும் அம்பு பெரும்பாலும் நகர்த்தச் சொல்வதுதான், அதாவது தரவு மாற்றத்தைச் சோதனைக்கு முன்னால் செய்ய வேண்டும். முனையே இல்லாத கோட்டுக்கு நீங்களாக ஒரு திசை வைக்காதீர்கள், அது கேள்விப் பட்டியலுக்குப் போக வேண்டியது.

படி 4: கோணல் எழுத்து

தனியாக முறைத்துப் பார்த்துப் பயனில்லை. அதே கை வேறு இடத்தில் எழுதியதைத் தேடுங்கள். அந்தத் தேதி 12ஆ 17ஆ என்று எனக்குத் தெரியவில்லை. வலது பக்கம் அதே கையெழுத்தில் 27 இருந்தது, அந்த 7க்கு நடுவில் குறுக்குக் கோடு போட்டிருந்தார், இதில் அது இல்லை. அப்போ 2. நாள்காட்டியையும் பார்த்தேன், அந்த மாதம் 12 வெள்ளி, 17 புதன். இரண்டும் ஒத்துப்போனதால் கேள்விக்குறியை எடுத்துவிட்டேன். பக்கத்தில் கிழமை எழுதியிருந்தால் அதை விடாதீர்கள்.

தமிழ் எழுத்தில் அவசரமாக எழுதும்போது புள்ளிகள் விழாது, காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும், ன ண இரண்டும் சுழி குறைந்து மாறிவிடும். சொல்லில் ஒரு எழுத்து சந்தேகம் என்றால் வாக்கியம் காப்பாற்றிவிடும். பெயரின் முதலெழுத்திலும் எண்ணிலும் அப்படிக் காப்பாற்ற எதுவும் இல்லை, ஆகவே அவற்றை மட்டும் இரண்டாவது முறை பெரிதாக்கிப் பாருங்கள். மிக வெளிறிய எழுத்து, சுற்றி இருப்பதோடு சம்பந்தமே இல்லாமல் இருந்தால், அது டஸ்டரில் சரியாக அழியாத பழைய மீட்டிங்காக இருக்கலாம்.

படி 5: கேள்வியோடு அனுப்புங்கள்

இப்போது குறிப்பை எழுதலாம். அடித்த வரியைத் தூக்கி எறிய வேண்டாம், 'எஸ்எம்எஸ் ஓடிபி பேசப்பட்டது, கைவிடப்பட்டது, பதிலாக மின்னஞ்சல்' என்று ஒரு வரி போடுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் யாராவது அதையே புதிதாகக் கேட்பார்கள். மீதமுள்ள சந்தேகங்களை மேலேயே, பதில் சொல்ல எளிதாக வையுங்கள். 'ஏதாவது தவறு இருந்தால் சொல்லுங்கள்' என்று கேட்டால் யாரும் பதில் போட மாட்டார்கள். நான் இப்படிக் கேட்டேன்: 'தரவு மாற்றம் யார் பொறுப்பு, க வா ம வா? சோதனை முடிந்தால்தான் வெளியீடா, இரண்டும் சேர்ந்து நடக்குமா?'

அன்றைக்கே அனுப்புங்கள், மறுநாள் கேட்டால் அவர்களுக்கும் நினைவிருக்காது. அசல் போட்டோவையும் அதோடு இணைத்துவிடுங்கள். அந்தக் கேள்விக்குப் பத்து நிமிடத்தில் 'க தான், வெளியீடு சோதனைக்கு அப்புறம்' என்று பதில் வந்தது, முனை இல்லாத கோட்டுக்கு அப்போதுதான் முனை போட்டேன்.